ஸ்டார் வார்ஸ்: நாலில் ஆரம்பிக்கிறதா, ஒண்ணில் ஆரம்பிக்கிறதா?

லீவுக்கு வந்த அக்கா பையன் ஒரு நாள் சாயங்காலம் வந்து நின்னான். "மாமா, ஸ்டார் வார்ஸ் மொத்தமா பாக்கப் போறேன். எதுல இருந்து ஆரம்பிக்கணும்?" வயசு பதினொண்ணு. இந்தக் கேள்விக்காக நான் பல வருஷமா பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். "முதல்ல வெளியான படத்துல இருந்துதான். ஏன்னா அதுல ஒரு ரகசியம் இருக்கு..." என்று ஆரம்பித்ததுமே அவன் கையை மூக்குக்கிட்ட வச்சு, மூச்சு விடுற மாதிரி சத்தம் போட்டு, அந்த ரகசியத்தை வசனமாகவே சொல்லிட்டான். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியுமாம்.

என் வாதத்தின் அஸ்திவாரமே அங்க போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சதும், அடுத்த ரெண்டு வாரம் அவனோட உட்கார்ந்து பார்த்ததும்தான் இந்தப் பதிவு. ஸ்பாய்லர் எச்சரிக்கை: எல்லாத்தையும் சொல்லப் போறேன். படம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கோவிச்சுக்காதீங்க.

முதல்ல பிரச்சினை எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். 1977 மே மாதம் ஜார்ஜ் லூகாஸின் படம் வெளியானப்போ அதுக்கு நம்பரே கிடையாது. வெறும் 'ஸ்டார் வார்ஸ்'. 1980-ல 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வந்தப்போ, ஆரம்பத்துல மேல ஏறிப் போகுமே அந்த மஞ்சள் எழுத்து, அதுல எபிசோட் ஐந்து என்று இருந்தது. முதல் படத்துக்கு எபிசோட் நான்கு என்ற பட்டத்தை 1981-ல மறுவெளியீடு செஞ்சப்போதான் ஒட்டினாங்க. ஆறு 1983-ல. அப்புறம் 1999, 2002, 2005-ல முன்கதையா ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆக, வெளியான வரிசை 4, 5, 6, 1, 2, 3. கதை வரிசை 1-ல இருந்து 6 வரை. 2015-ல இருந்து வந்த ஏழு, எட்டு, ஒன்பது எந்த வரிசையிலும் இந்த ஆறுக்கும் பின்னாடிதான். அதனால சண்டை முதல் ஆறுக்குத்தான்.

வெளியான வரிசைக்கு எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணு: டார்த் வேடர்தான் லூக்கின் அப்பா என்பது ஐந்தாவது படத்தின் கடைசியில் தெரியணும். நியாயமான காரணம்தான். அதைக் காப்பாத்த படக்குழு பட்ட பாடே ஒரு கதை. படப்பிடிப்பில் வேடர் உடைக்குள்ள இருந்த டேவிட் ப்ரௌஸுக்குப் பொய் வசனம் கொடுத்திருந்தாங்க. உன் அப்பாவைக் கொன்னது ஓபி-வான் என்பதுதான் அவர் சொன்னது. லூக்கா நடிச்ச மார்க் ஹாமிலுக்கு உண்மையைக் காட்சி எடுக்கிறதுக்குச் சற்று முன்னாடிதான் சொன்னாங்க. பின்னால டப்பிங்கில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரல் உண்மையான வரியைப் பேசியது.

ஆனா அந்த ரகசியம் இன்னைக்கு எந்தக் குழந்தைக்கு ரகசியம்? டி-ஷர்ட்ல இருக்கு, மீம்ல இருக்கு. யோடாவும் அப்படித்தான். ஐந்தாவது படத்தில் சேற்று கிரகத்தில் ஒரு குட்டிப் பச்சைக் கிழவன் வந்து லூக்கின் சாப்பாட்டு டப்பாவைக் கிளறி, ஒரு சின்ன விளக்குக்காக ரோபோவோட கட்டிப் புரண்டு சண்டை போடுவான். இவனா பெரிய குரு என்பதுதான் அந்த இடத்தின் விளையாட்டு. பொம்மைக் கடையில் பச்சை காதுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த விளையாட்டும் கிடையாது. அப்போ ரகசியம் போனபிறகு வெளியான வரிசைக்கு வேற ஏதாவது காரணம் மிச்சம் இருக்கா? இல்லைன்னா பேசாம ஒண்ணுல இருந்து போட்டுடலாமே?

கதை வரிசைக்காரங்களை இங்க லேசா எடுத்துக்க முடியாது. அவங்க பக்கம் உள்ள பெரிய சொத்து 1977 படத்தில் ஒரு சின்னக் காட்சி. பாலைவன கிரகத்தில் ஓபி-வானின் குடிசை. லூக் சாதாரணமா கேக்கறான், என் அப்பா எப்படிச் செத்தார்னு. கிழவர் உடனே பதில் சொல்றதில்லை. ஒரு கணம் தயங்கறார். அப்புறம், டார்த் வேடர் என்று என்கிட்ட ஒரு மாணவன் இருந்தான், தீமைப் பக்கம் போயிட்டான், அவன்தான் உன் அப்பாவைக் காட்டிக்கொடுத்துக் கொன்னான் என்கிறார்.

1, 2, 3 பார்த்துட்டு இந்தக் காட்சிக்கு வர்றவருக்கு அலெக் கின்னஸின் அந்தத் தயக்கம் என்னவா ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த 'அப்பா'வை வளர்த்தவர் இவர். எரிமலை ஆற்றங்கரையில் அவன் கை கால்களை வெட்டி, எரியவிட்டுட்டு வந்தவரும் இவரே. இப்போ அவன் பையன் எதிர்ல உட்கார்ந்து கேக்கறான். அந்தத் தயக்கத்துக்குள்ள மூணு படம் இருக்கு. அதே மாதிரிதான் லூக்கின் சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையும். பையனுக்கு அப்பா குணம் அதிகம்னு சித்தி சொல்றா, அதுக்குத்தான் பயப்படறேன்னு சித்தப்பா சொல்றார். 1977-ல இதைக் கேட்டவங்களுக்கு, பையன் ஊர் சுற்றப் போயிடுவானோ என்ற ஒரு விவசாயியின் கவலை அது. கதை வரிசையில் வர்றவருக்கு வயித்தைக் கலக்கும்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. 1976-ல கின்னஸ் நடிச்சப்போ அந்த அர்த்தம் இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. இரண்டாவது படத்துக்கு லீ ப்ராக்கெட் 1978-ல எழுதிய முதல் திரைக்கதை வடிவத்தில் லூக்கின் அப்பா தனி ஆளாக, ஆவியா வந்து மகனைப் பார்க்கிறார். அதாவது முதல் படம் ஓடி முடிஞ்ச பிறகும் வேடரும் அப்பாவும் வேற வேற ஆள்தான். கின்னஸ் ஏதோ ஒரு துக்கத்தை மனசில் வச்சுத் தயங்கினார். பின்னால வந்த படங்கள் அந்தத் தயக்கத்தைக் கடன் வாங்கிக்கிட்டன. இதைச் சொல்றது காட்சியைக் குறைச்சுப் பேச அல்ல. தொடர்ல எதிர்பாராம கிடைச்ச நல்ல விஷயங்கள்ல இது ஒண்ணு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனா இந்த லாபம் கதை வரிசைக்கு மட்டும் சொந்தமில்லை. எந்த வரிசையில் பார்த்தவரும் ரெண்டாவது தடவை நாலாவது படத்தைப் போட்டா அது கிடைச்சுடும். கதை வரிசையின் நஷ்டங்களைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது. அவை முதல் தடவையிலேயே நடந்து முடிஞ்சிடும்.

அந்த நஷ்டம் என்ன? ரகசியம் இல்லை, அதைத்தான் பையன் ஏற்கெனவே தூக்கிப் போட்டுட்டானே. 1999-ல வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. வணிகப் பாதைகளுக்கு வரி போட்டதால தகராறு என்று எழுத்து ஓடுது. அங்கி போட்ட ரெண்டு பேர் பேச்சுவார்த்தைக்கு ஒரு கப்பலுக்குள்ள போறாங்க. அறைக்குள்ள விஷவாயு வருது. ரெண்டு ஒளிவாள் எரியுது. ஜெடை என்றால் யார், ஃபோர்ஸ் என்றால் என்ன, இந்த வாள் எங்க கிடைக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்லை. ஏன் சொல்லணும்? 1999-ல தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்களுக்கு அது பதினாறு வருஷமா காத்திருந்த பழைய சிநேகம். வாள் எரிஞ்ச சத்தத்துக்கே கைதட்டக்கூடிய கூட்டம் அது. படம் அந்தக் கூட்டத்துக்காக வெட்டி ஒட்டப்பட்டது.

1977 படம் ஒண்ணுமே தெரியாத ஆளுக்காக எடுக்கப்பட்டது. ஒரு பெரிய கப்பல் தலைக்கு மேல போய்க்கிட்டே இருக்கு. ரெண்டு ரோபோக்கள் மாட்டிக்கிட்டு முழிக்குது. அதுங்களுக்குத் தெரிஞ்சதுதான் நமக்கும் தெரியும். புகைக்குள்ள இருந்து கறுப்பா ஒருத்தன் வர்றான், பேர் அப்புறம்தான். ஒளிவாள் முதல்முதலா வர்றது அந்தக் குடிசையில், உன் அப்பாவோடது என்று ஒரு கிழவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது. லூக் அதை எரியவிட்டு, குழந்தை மாதிரி வீசிப் பார்க்கிறான். ஃபோர்ஸ் என்ற சொல்லுக்கு விளக்கம் அதே அறையில், லூக் கேட்டதால கிடைக்குது. அவன் கேள்விதான் நம்ம கேள்வி.

இதை மாத்திப் போட்டா எவ்வளவு கோணலாகுதுன்னு பார்க்க, மிடிக்ளோரியன் விவகாரம் போதும். முதல் எபிசோடில் ஃபோர்ஸை ரத்தப் பரிசோதனை பண்ணி அளக்கறாங்க; சின்னப் பையன் அனாகினுக்கு இருபதாயிரத்துக்கும் மேல. பழைய ரசிகர்களுக்கு இது ஏன் எரிச்சல்னா, அவங்க மனசில் மர்மமா இருந்த ஒண்ணுக்கு லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு. கதை வரிசையில் வர்றவருக்கு அந்த எரிச்சல்கூட வராது. மர்மமே இன்னும் உருவாகலையே! விடை முதல்ல வருது, கேள்வி மூணு படம் தள்ளி.

மூணாவது எபிசோடின் கடைசி ஷாட்டும் இப்படித்தான். கைக்குழந்தை லூக்கை வச்சுக்கிட்டு சித்தப்பாவும் சித்தியும் ரெட்டைச் சூரியன் மறையறதைப் பார்த்து நிக்கறாங்க. நாலாவது படத்தில் வளர்ந்த லூக் அதே மாதிரி நின்னு ஏங்கினதைப் பார்த்தவருக்கு அந்த ஷாட் தொண்டையை அடைக்கும். பார்க்காதவருக்கு அது ஒரு சூரிய அஸ்தமனம், அவ்வளவுதான். வேடருக்கு முகமூடி மாட்டி, முதல் மூச்சு கேக்கற இடமும் அதே கதி. இந்த மூணு படமும் முன்கதைங்கிறது நடந்த காலத்தை வச்சு. யாருக்குச் சொல்லப்பட்டதுன்னு பார்த்தா பின்கதை.

சின்ன விஷயம் ஒண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. வேடருக்கென்றே இருக்கிற அந்த ராணுவ அணிவகுப்பு இசையை ஜான் வில்லியம்ஸ் 1980 படத்துக்குத்தான் எழுதினார். முன்கதைகளில் அது அங்கங்க எட்டிப் பார்க்கும். ஆக, கதை வரிசையில் வர்றவர் அந்த இசையைக் கேட்டுப் பழகிட்டு நாலாவது படத்துக்கு வந்தா, வேடர் படம் முழுக்க அது இல்லாமலே நடமாடறார். அதுவும் டார்க்கின் என்ற அதிகாரி அதட்டினா அடங்கற ஒரு அடியாளா. மூணு படமா நாயகனா பார்த்த ஆளு!

சரி, நடுவழி ஏதாவது இருக்கா? இருக்கு. 2011-ல ராட் ஹில்டன் என்ற அமெரிக்கப் பதிவர் ஒரு வரிசையை முன்வச்சார், 'மஷெட்டி ஆர்டர்' என்று பேர் வாங்கிடுச்சு: 4, 5, 2, 3, 6. ஒண்ணை மொத்தமா தூக்கிட்டார். நான்தான் உன் அப்பா என்று ஐந்தாவது படம் முடியுது. உண்மையா பொய்யா என்று லூக்கும் தவிக்கிறான், நாமும். அங்க நிறுத்தி, ஃப்ளாஷ்பேக்கா ரெண்டும் மூணும். உண்மைதான், இப்படித்தான் நடந்தது என்று தெரிஞ்சுக்கிட்டு ஆறாவதுக்கு வர்றோம். இதில் அழகான இடம் ஆறாவது படத்தின் ஆரம்பம். ஜப்பாவின் மாளிகைக்குள்ள லூக் கறுப்பு உடையில் நுழையறான். வழி மறிச்ச காவலாளிகளைத் தொடாமலே கழுத்தை நெரிக்கிறான். அப்பா கெட்டுப்போனதை இப்போதான் பார்த்து முடிச்சிருக்கோம். பையனும் அந்தப் பாதையில் போறானோ என்ற பயம் நிஜமாவே வரும். வெளியான வரிசையில் அந்தக் காட்சிக்கு இவ்வளவு பலம் கிடையாது, ஒத்துக்கறேன்.

எனக்கு அதில் ரெண்டு சங்கடம். ஹான் சோலோ உலோகப் பாளத்துக்குள்ள உறைஞ்சு கிடக்கான். அவனை அப்படியே விட்டுட்டு நாலே முக்கால் மணி நேரம் வேற நடிகர்கள், வேற அரசியல். நம்ம ஊர் படத்துல ஃப்ளாஷ்பேக் நீளமானா, இப்போ எங்க இருந்தோம்னு மறந்துடுமே, அதுதான். இன்னொண்ணு, ஒண்ணாவது படத்தைத் தூக்கினதால அனாகினின் அம்மா காணாமப் போறா. அடிமைச் சிறுவனா இருந்தவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கிட்டே பிரிஞ்சு போற காட்சி அந்தப் படத்தில்தான். அது இல்லாம ரெண்டாவதில் அம்மா அவன் கையில் சாகும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி சாகறா. அவன் விழுந்ததுக்கு வேரே அங்கதான் இருக்கு. ஜார் ஜார் பிங்ஸைத் தவிர்க்க இது பெரிய விலை. பிடிச்சவங்க ஒண்ணையும் சேர்த்து 4, 5, 1, 2, 3, 6 என்று பார்க்கறாங்க. அந்த வரிசையில் ஹான் உறைஞ்சு கிடக்கிறது ஏழு மணி நேரம்.

எந்த வரிசையை எடுத்தாலும் இன்னொரு பொறி இருக்கு. நான் அதிலதான் மாட்டினேன். வெளியான வரிசை என்று நாம சொல்றோமே, வெளியான படங்கள் இப்போ கையில் இல்லை. லூகாஸ் 1997-ல ஒரு தடவையும், 2004-ல டிவிடிக்காக இன்னொரு தடவையும் பழைய படங்களில் கை வச்சார். இப்போ வழக்கமா கிடைக்கிறது அந்த வழியில் வந்த பதிப்புதான். 1980-ல வந்த ஐந்தாவது படத்தில் சக்கரவர்த்தி வேடர்கிட்ட, ஸ்கைவாக்கரின் மகனால் ஆபத்து என்பார், அவ்வளவுதான். 2004-ல அந்தக் காட்சியை இயன் மெக்டார்மிட்டை வச்சு மறுபடி எடுத்து, இவன் அனாகின் ஸ்கைவாக்கரின் வாரிசு என்று சொல்ல வச்சாங்க. அது எப்படிச் சாத்தியம்னு வேடர் பதறிக் கேக்கறார். உன் மனசைக் கேட்டுப் பார் என்று பதில். கவனமா பார்க்கற ஆளுக்கு ரகசியம் அங்கயே பாதி வெளியே வந்துடும். முன்கதைகளோட பொருந்தணும் என்பதற்காக, வெளியான வரிசையை உள்ளிருந்தே கொஞ்சம் அரிச்சிருக்காங்க.

ஆறாவதின் முடிவு இன்னும் மோசம். வேடர் சாகும் முன் முகமூடியைக் கழட்டினா உள்ளே வழுக்கைத் தலையோட ஒரு வயசான மனுஷன், செபாஸ்டியன் ஷா. சில நிமிஷம் கழிச்சு கொண்டாட்டத்தில் ஓபி-வான், யோடா ஆவிகளோட அப்பாவின் ஆவியும் வந்து நிக்கும். 1983-ல அதுவும் ஷாதான். 2004-ல அவரை எடுத்துட்டு, முன்கதைகளில் இளம் அனாகினா வந்த ஹேடன் கிறிஸ்டென்சனை அங்க நிறுத்திட்டாங்க. வெளியான வரிசையில் வர்றவர் அந்த முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை.

நாங்க பார்த்தது 4, 5, 6, 1, 2, 3. அந்தப் பிரபல வசனம் வர்ற இடத்தில் பையன் கூடவே சொல்ல வாயைத் திறந்தான். பாதி சொன்னான். திரையில் லூக் கதறினதும் நிறுத்திட்டான். வசனம்தான் அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. அதைக் கேட்டதும் கை போன நிலையில் ஒரு பையன் பள்ளத்துக்குள்ள தானா குதிப்பான் என்பது தெரியாது. ஆறாவதின் முடிவில், எதிர்பார்த்தபடியே, "மாமா, யாரு இந்த அண்ணன்?" என்றான். அடுத்த வாரம் தெரியும்டா என்று சமாளிச்சேன். அனாகின் வளர்ந்து ரெண்டாவது எபிசோடில் வந்து நின்னதும், "அய்யோ, அந்த அண்ணன்!" என்று கத்தினான். லூகாஸ் செஞ்சு வச்ச குளறுபடியில் இப்படி ஒரு உபயோகமும் இருந்தது.

எல்லாம் முடிஞ்ச மறுநாள் அவனாவே நாலாவதை மறுபடி போட்டான். நான் அடுப்படியில் காபி போட்டுட்டிருந்தேன். குடிசைக் காட்சி வந்திருக்கும் போல, படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னாடி தள்ளி, மறுபடி ஓட்டற சத்தம் கேட்டது.

"மாமா, இங்க வாங்களேன். இந்தத் தாத்தா பதில் சொல்றதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் யோசிக்கறார்னு பாருங்க."